எழினியின் நாற்பத்தொன்பது நாள்

பாலகுமார் மரத்திலிருந்து விழுந்தது மாசி மாதத்தில். மிளகுப் பறிப்பு முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. சேர்வராயன் மலையில் நாகலூருக்கு மேலே அவன் வேலை பார்த்த எஸ்டேட்டில் மிளகுக்கொடிகள் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி மேலே போய், ஒரு கையால் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுகையால் சரம் பறிக்க வேண்டும். பதினாறு வருடம் அப்படித்தான் பறித்தான். அன்றைக்குக் காலைப் பனியில் மரப்பட்டை நனைந்திருந்தது. ஏணி நகர்ந்தது அவனுக்கு நினைவிருக்கிறது. கீழே காப்பிச் செடியின் மேல் விழுந்து, அங்கிருந்து பாறையில் புரண்டது நினைவில்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாதது போல இருந்தது. போர்வையைத் தூக்கிப் பார்த்தான். கால்கள் இருந்தன.

அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பிள்ளைகள் இல்லை. மனைவி கனகாவும் அதே எஸ்டேட்டில் வேலை செய்ததால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு பறிபோகவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆம்புலன்ஸில் கொண்டு வந்து ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். அனுப்பும்போது நர்ஸ் ஒருத்தி கனகாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"முதுகுத்தண்டு போனது போனதுதாம்மா. இனி அவரைக் கொல்லப்போறது அது இல்ல. படுக்கைப்புண். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடணும். உக்காந்தா கால் மணிக்கு ஒருதரம் கையை ஊனி இடுப்பைத் தூக்கணும். அவருக்கு வலிக்காது, அதனால அவருக்குத் தெரியாது. நீதான் தினமும் பாக்கணும்."

கனகா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். விட்டத்தில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டாள், அவனே பிடித்துப் புரள்வதற்கு. அவன் போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்தாள். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அவனைக் குப்புறப் போட்டு, பிட்டத்தையும் குதிகாலையும் விரலால் அழுத்திப் பார்ப்பாள். தோல் சிவந்திருந்து, அழுத்தி எடுத்தபின் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அன்றைக்கு முழுவதும் அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. முதல் வருடம் ஒருமுறை இடுப்பெலும்பின் மேல் புண் வந்து ஐந்து மாதம் ஆறாமல் கிடந்தது. அதன் வாசனை வீட்டைவிட்டுப் போக இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

பாலகுமாருக்கு மிஞ்சியது போன் ஒன்றுதான். விழுவதற்கு முன்பே அவன் அதில் ஒருவகைக் கதை படித்துக்கொண்டிருந்தான். சீனத்தில் எழுதி, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து மெஷின் தமிழாக்கிக் கொடுத்த தொடர்கதைகள். ஒவ்வொன்றும் ஆயிரம் அத்தியாயம், இரண்டாயிரம் அத்தியாயம் போகும். மூச்சைப் பயின்று சாதாரண மனிதன் சாவை வெல்லும் கதைகள். வாள்வீரர் உலகக் கதைகள் வேறு. அதில் எத்தனை பெரிய வீரனும் உள்வலிமையால் கூரை மேல் பறப்பான், கடைசியில் மனிதனாகவே செத்துப்போவான். இதில் அப்படி இல்லை. வானத்திலும் மண்ணிலும் இருக்கிற உயிர்மூச்சை உடம்புக்குள் இழுத்து, நாபிக்கு மூன்று விரல் கீழே இருக்கிற கலத்தில் சேர்க்கச் சேர்க்க, நிலை நிலையாக ஏறலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஆயுள் கூடும். ஒரு நிலை மேலே இருப்பவன் முன்னால் கீழே இருப்பவனால் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது, அவன் பார்வையின் பாரமே முழங்காலை மடக்கிவிடும்.

மெஷின் தமிழ் கொடுமையாக இருக்கும். சாகத் துணிந்து வம்புக்கு வருகிறாயா என்று வில்லன் கேட்கிற இடத்தில் 'நீ மரணத்தை நீதிமன்றம் செய்கிறாய்!' என்று வரும். கட்டிலில் கிடந்த முதல் மழைக்காலத்தில் பாலகுமார் அந்த வாக்கியங்களைத் திருத்தி எழுதத் தொடங்கினான். ப்ளஸ் டூ வரை படித்தவன், தமிழில் நல்ல மார்க். அடுத்த வருடம் சொந்தமாகவே ஒன்று எழுதலாம் என்று தோன்றியது. கதைகள் போடுகிற ஒரு ஆப்பில் 'பனிமலை வேந்தன்' என்ற பெயரில் கணக்குத் தொடங்கினான். முகம் தெரியாத ஆள். படத்துக்குப் பதில் சேர்வராயன் மலை உச்சியில் மூடுபனி.

அவன் கதையின் நாயகன் எழினி, வெண்பனிப் பீடத்தில் விறகு சுமக்கிற பணிச்சீடன். பீடங்களின் அடுக்கைப் பாலகுமார் ஒழுங்காகப் போட்டிருந்தான். அடியில் பணிச்சீடர், அதற்கு மேல் வெளிச்சீடர், உள்சீடர், மூலச்சீடர், மூப்பர், உச்சியில் பீடாதிபதி. மாதந்தோறும் ஆளுக்கு இத்தனை ஆவிக்கல், இத்தனை மருந்துருண்டை என்று பங்கு உண்டு. ஆவிக்கல்லைக் கையில் பிடித்தால் அதிலுள்ள மூச்சை இழுத்துக்கொள்ளலாம். பணிச்சீடனுக்கு வருகிற பங்கை வெளிச்சீடன் பிடுங்கிக்கொள்வான். எஸ்டேட்டில் கங்காணி, ரைட்டர், மேனேஜர் என்று பார்த்தே வளர்ந்தவனுக்கு இதை எழுதக் கஷ்டமே இல்லை.

நிலைகளையும் அவனே பெயரிட்டான். முதலில் மூச்சுத்திரட்டல், அதில் ஒன்பது படி. பிறகு அடித்தளம், ஆயுள் இருநூறு. பிறகு பொற்கரு; கலத்தில் திரவமாக இருக்கிற மூச்சு இறுகி உருண்டையாகும், ஆயுள் ஐந்நூறு. அதற்கும் மேல் கருவுயிர். உருண்டை உடைந்து உள்ளிருந்து அவனைப் போலவே ஒரு குழந்தை உருவம் பிறக்கும், உடம்பு அழிந்தாலும் அது தப்பி ஓடலாம், ஆயுள் ஆயிரம். பெரிய நிலையைத் தாண்டும்போதெல்லாம் வானம் இடியை இறக்கிச் சோதிக்கும், தாங்கியவன் தப்பினான். ஒவ்வொரு நிலையின் கடைசியிலும் ஒரு முட்டு இருக்கும், சிலர் நூறு வருடம் அங்கேயே கிடப்பார்கள். அவசரப்பட்டு உடைக்கப்போனால் மூச்சு தடம் புரண்டு ரத்தம் கக்குவார்கள்.

அறுபத்தோராம் அத்தியாயத்தில் எதிர்ப் பீடமான கருநாகப் பீடத்து மூப்பன் ஒருவன் எழினியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தி அவன் நாபிக்கலத்தை உடைத்துவிடுகிறான். சேர்த்த மூச்செல்லாம் கசிந்து போகிறது, கால் நரம்புகள் அறுந்துபோகின்றன. வெண்பனிப் பீடம் அவனை மருந்துத் தோட்டத்துக் குடிசையில் போட்டுவிடுகிறது.

பாலகுமார் ஒரு முடிவோடுதான் இதை எழுதினான். எழினி எழுந்திருக்கப் போவதில்லை. படுத்த இடத்திலிருந்தே மூலிகை படிப்பான், இரண்டு பீடங்களின் சூழ்ச்சிகளையும் புரிந்துகொள்வான், புத்தியால் ஜெயிப்பான். படுத்துக் கிடப்பவனும் நாயகனாக இருக்க முடியும் என்று ஒரு கதையாவது சொல்லட்டுமே என்று அவனுக்கு ஆசை.

ஆப் கம்பெனியிலிருந்து வெண்ணிலா என்ற எடிட்டர் போன் செய்தாள். சென்னைக் குரல், மரியாதையான பெண்.

"சார், எழுபதாவது எபிசோட்ல வாசகர்கள் பாதிப்பேர் நின்னுட்டாங்க. இந்த வகைக் கதைக்கு ஒரு கணக்கு இருக்கு, உங்களுக்குத் தெரியாததில்ல. ஹீரோ செல்லாக்காசா கிடக்கிறது பத்து எபிசோட். அப்புறம் பழைய சுவடியோ, மோதிரத்துக்குள்ள ஒரு தாத்தா ஆவியோ, ஏதோ ஒண்ணு கிடைக்கணும். கேலி பண்ணவன் கன்னத்துல அறை விழணும். அதுக்காகத்தான் படிக்கிறாங்க."

"எழினி எந்திரிக்க மாட்டானுங்க" என்றான் பாலகுமார்.

"அப்ப யாரு சார் படிப்பாங்க?"

அவன் தன் நிலையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஆப்பில் அவன் பனிமலை வேந்தன். அங்கே யாரும் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டுவதில்லை.

வெண்ணிலாவுக்கு அசையாதவன் மேக்ஸ்வெலுக்கு அசைந்தான். மேக்ஸ்வெல் சேலத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், இருபத்தொன்பது வயது. ஓமலூர் ரோட்டில் பைக் விபத்து, முதுகெலும்பு. அக்கா மோனிஷாவோடு இருந்தான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதல் ஆளாகக் கருத்துப் போடுவான். எழினியின் கலம் உடைந்த அன்று தனியாகச் செய்தி அனுப்பினான்.

'அண்ணா, நான் ஒன்றரை வருசமா வீல்சேர்ல இருக்கேன். எழினி மாதிரிதான். அவன் எப்ப எந்திரிப்பான்? அவன் எந்திரிக்கிற அன்னிக்கி நானும் முயற்சி பண்ணலாம்னு இருக்கேன்.'

பாலகுமார் 'எந்திரிக்காமலும் இருக்கலாம் தம்பி' என்று எழுதி அனுப்பினான்.

'விளையாடாதீங்கண்ணா' என்று பதில் வந்தது. 'உங்களுக்குப் புரியாது. நடக்கிறவங்களுக்கு இது ஒரு கதை. எனக்கு காலைல கண்ணு முழிக்கிறதுக்கு ஒரு காரணம்.'

'நானும்' என்று பாலகுமார் தட்டினான். அழித்தான். எண்களைப் பரிமாறிக்கொண்டபின் தினமும் வாட்ஸப்பில் செய்திகள் வந்தன. எழினிக்கு எந்த மூலிகை உதவும், எந்தப் பாறையிடுக்கில் சுவடி இருக்கலாம் என்று மேக்ஸ்வெல் யோசனை சொன்னான். மூன்று வாரம் கழித்துப் பாலகுமார் தன் முடிவை விட்டுக்கொடுத்தான்.

விட்டுக்கொடுத்தபின் எழுத்து பொங்கிக்கொண்டு வந்தது. மருந்துத் தோட்டத்துக் கிணற்றடியில் எழினிக்கு ஒரு சுவடி கிடைக்கிறது. 'உடைந்தோன் நெறி'. கலம் முழுதாக இருப்பவன் அதைப் பயிலவே முடியாது. உடைந்தவன் மட்டும், சிதறிய துண்டுகளை உடம்பெங்கும் பரப்பி உடம்பையே கலமாக்கலாம். அதற்கு மூடிய வாசல் பயிற்சி வேண்டும். குகைக்குள் போய், வாயிலைக் கல்லால் அடைத்து, பச்சைக் குளிர்கல்லின் மேல் சம்மணமிட்டு நாற்பத்தொன்பது நாள் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் மூச்சு தடம் புரளும். முதல் ஏழு நாள் குளிர். அடுத்த ஏழு நாள் உள்ளப்பேய்கள் வரும், செத்துப்போன அம்மாவின் உருவத்தில் வந்து 'எழுந்து வா' என்று கூப்பிடும். அதற்குப் பிறகு உடம்பில் சூடு ஏறும். எலும்புக்குள் நெருப்பு ஓடுவது போல இருக்கும். அதுதான் கலம் உருகிச் சேர்கிற அறிகுறி. அதைத் தாங்க வேண்டும். நாற்பத்தொன்பதாம் நாள் கட்டைவிரலில் ஓர் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம். அப்புறம் இடி.

குகையை அவன் சேர்வராயன் கோயில் குகையைப் பார்த்தே எழுதினான். குனிந்து நுழைகிற வாயில், சொட்டுகிற ஈரம், உள்ளே போகப் போகக் குறுகுகிற இருட்டு. திருவிழாவுக்குப் போனபோதெல்லாம் பார்த்ததுதான். கட்டைவிரல் கூச்சத்தை எழுதும்போது அவனுக்குக் கண்ணீர் வந்தது. அந்த வரியில் இருக்கும்போதுதான் அலாரம் அடித்தது.

"ஏனுங்க, திரும்புங்க" என்றாள் கனகா. ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டில் இருந்தாள்.

"ஒரு நிமிசம் கனகா. இந்த ஒரு வரி."

"வரி எங்கயும் போகாது. திரும்புங்க."

கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவள் இடுப்புக்குக் கீழே கை கொடுத்துப் புரட்டிவிட்டு, முழங்கால்களுக்கு நடுவே துணியைச் சுருட்டி வைத்தாள். அவன் மறுபக்கமாகப் படுத்துக்கொண்டு, எழினி நாற்பத்தொன்பது நாள் அசையாமல் உட்கார்ந்திருந்ததை எழுதி முடித்தான்.

அத்தியாயம் வெளியான நாளில் ஆப்பில் அவன் கதை மூன்றாவது இடத்துக்கு ஏறியது. நின்றுபோனவர்கள் திரும்பி வந்தார்கள். வெண்ணிலா போன் செய்து சிரித்தாள். மேக்ஸ்வெல் குரல் செய்தி அனுப்பியிருந்தான். பேச்சே வராமல் அழுதுகொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்து எழுதினான்: 'அண்ணா, சிரிக்காதீங்க. நானும் மூடிய வாசல் ஆரம்பிச்சிட்டேன். அக்கா எட்டரைக்கு வேலைக்குப் போனதும் தரையில இறங்கிக் கடப்பாக்கல் பலகை மேல சம்மணம் போட்டு உக்காந்துக்கறேன். சாயங்காலம் அவ வர்ற வரைக்கும் அசையறதில்ல.'

பாலகுமார் அதைக் காலைக் காப்பி குடிக்கும்போது படித்தான். மறுபடி ஒருமுறை படித்தான். ஆனால் அந்தச் சமயம் நூற்றுக்கணக்கில் கருத்துகள் வந்துகொண்டிருந்தன. கதைக்குள் சீடர்கள் ஒருவருக்கொருவர் வணங்குவது போல, குவித்த கைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த கருத்துக்குப் போனான்.

பதினைந்தாம் நாள்: 'மூணாவது கட்டம் வந்திருச்சுண்ணா. உடம்புல சூடு ஏறுது. நீங்க எழுதின மாதிரியே. நடுக்கமும் இருக்கு.'

அதைப் படித்தவுடன் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன்னைப் போல ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டே காரணம்: சிறுநீர்க் குழாய், இல்லாவிட்டால் புண். தினமும் காலையில் கனகாவின் விரல் தேடுகிற அந்த இடம். நாள் முழுக்கக் கல்லில் உட்கார்ந்தால் எலும்புக்கும் கல்லுக்கும் நடுவே சதை செத்துப்போகும். மேலே காசளவு தெரியும், உள்ளே கை நுழைகிற அளவு குழியாக இருக்கும்.

'தம்பி உடனே டாக்டரைப் பாருங்க. பின்னாடி புண் இருக்கான்னு அக்காவைப் பாக்கச் சொல்லுங்க' என்று எழுதினான்.

'எழினி டாக்டரைப் பாத்தானாண்ணா?' என்று பதில் வந்தது, சிரிக்கிற முகத்தோடு. 'எங்கயும் வலிக்கல. இது உள்ளப்பேய்தான் உங்க ரூபத்துல வருது போல.'

'அது கதை. நான் பொய் எழுதினேன். நானும் நாலு வருசமா' என்று தட்டினான் பாலகுமார். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வரியை அனுப்பினால் பனிமலை வேந்தன் செத்தான். இன்னும் கொஞ்சம் நல்ல வார்த்தையாக யோசித்து எழுதலாம், மத்தியானம் எழுதலாம் என்று அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். பதினோரு மணிக்கு நாகலூர் ரோட்டில் மரம் விழுந்து கரண்ட் போனது. சற்று நேரத்தில் டவரும் போனது.

நாலு நாள் டவர் இல்லை. பஸ்ஸும் இல்லை. முதல் நாள் அவன் வெறுமனே காத்திருந்தான். இரண்டாம் நாள் கனகாவைக் கூப்பிட்டு, போனை எடுத்துக்கொண்டு மேலே மேட்டுக்குப் போய்ச் சிக்னல் வருகிறதா பார்க்கச் சொன்னான். மழையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு நனைந்து வந்தாள்.

"வரலீங்க. அப்படி என்னங்க அவசரம்?"

"ஒருத்தருக்கு ஒண்ணு சொல்லணும்."

"யாருக்கு?"

"படிக்கிறவருக்கு" என்றான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் நாள் சிக்னல் வந்ததும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினான். நான் மரத்தில் இருந்து விழுந்தவன், நானும் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்கப் போவதுமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. மேக்ஸ்வெல் அதைப் பார்த்ததாக அடையாளம் வரவில்லை. ஒன்பது நாள் கழித்து, மேக்ஸ்வெலின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல்.

"பனிமலை வேந்தனுங்களா? நான் மேக்ஸ்வெலோட அக்கா மோனிஷா. தம்பி முந்தாநாள் இறந்துட்டான். போன்ல அதிகமா உங்களுக்குத்தான் மெசேஜ் இருந்துச்சு. அதான் சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

பாலகுமார் கயிற்றை எட்டிப் பிடித்தான்.

"பின்னாடி புண்ணுங்க. எலும்பு தெரிஞ்சுது. எனக்குக் காட்டவே இல்ல. ரத்தத்துல விசம் ஏறிடுச்சுன்னாங்க. கடைசி ரெண்டு நாள் நெனவு வர்றப்பல்லாம் இருபத்தஞ்சு நாள்தான் பாக்கின்னு சொல்லிட்டே இருந்தான். எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க."

"எதுக்குங்க?"

சொன்னான். கதையை, குகையை, நாற்பத்தொன்பது நாளை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க ஒருதரம் ஊட்டுக்கு வர முடியுமாங்க?" என்றாள் பிறகு. குரலில் கோபம் இல்லை. "அம்மா இல்லீங்க எங்களுக்கு. அவன் உங்களைப் பத்தியேதான் பேசுவான். நீங்க வந்தா நல்லா இருக்கும்."

"என்னால வர முடியாதுங்க. நான் மரத்துல இருந்து விழுந்தவன். எனக்கும் இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்லீங்க."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் நகர்த்துகிற ஒலி கேட்டது.

"எத்தனை வருசமா?"

"நாலு வருசங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

"கடைசியா எழுதினேங்க. அவன் பாக்கல."

"அதுக்கு முன்னாடி?"

"சொல்லலீங்க."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

கனகா வேலையிலிருந்து வந்தபோது அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அலாரம் மூன்று முறை அடித்து ஓய்ந்திருந்தது. அவள் பதறிப் போய்ப் புரட்டிப்போட்டுத் தோலைப் பார்த்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், கைப் படம் அனுப்பியதையும் மறைக்காமல். அவள் அவன் கதையை அதுவரை படித்ததில்லை. படிக்க நேரம் இருந்ததில்லை. போனை வாங்கி அந்த அத்தியாயத்தை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். நிறைய நேரம் ஆனது.

"நாப்பத்தொம்பது நாள் உக்காந்திருந்தான்னு எழுதியிருக்கீங்க."

"ம்."

"அவனை யாரு திருப்பிப் போட்டாங்க?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நாலு வருசமா விடிஞ்சா நான் பாக்கறது உங்க பின்பக்கத்தைத்தான். மேஸ்திரி கத்தினாலும் பரவாயில்லைன்னு மத்தியானம் ஓடியாந்து திருப்பிப் போட்டுட்டுப் போறேன். அதுல ஒரு வரி உங்களுக்கு எழுதத் தோணலயா? ஒரே ஒரு வரிங்க. அந்தப் பையன் உசுரோட இருந்திருப்பான்."

"அது எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க கனகா."

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு அவனுக்கே கேட்டது. கனகா அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. திருப்பிப் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த வாரம் பாலகுமார் எழினி எழுந்த அத்தியாயத்தையும் அதற்குப் பின் வந்த எட்டு அத்தியாயங்களையும் நீக்கினான். அந்த இடத்தில் தன் உண்மைப் பெயரைப் போட்டு, தான் யார் என்றும், அந்தப் பயிற்சி பொய் என்றும், அதை நம்பி ஒருவர் இறந்துபோனார் என்றும் எழுதினான். சிலர் வருத்தம் சொன்னார்கள். சிலர் விளம்பரத்துக்குச் செய்கிற நாடகம் என்றார்கள். எழினியை எழுப்பு என்று பெரும்பாலோர் கேட்டார்கள். வெண்ணிலா போன் செய்தாள். அவளும் அழுதாள். ஆனாலும் கதையை முகப்பில் வைத்திருக்க முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்கள் என்றாள்.

"நிறுத்திடுங்க சார். வேற பேர்ல வேற கதை ஆரம்பிங்க. நான் இருக்கேன்."

"வேற பேரு வேண்டாங்க" என்றான்.

அவன் அறுபத்தோராம் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கினான். இம்முறை கனகாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினான். மருந்துத் தோட்டத்துக் குடிசையில் எழினி கிடக்கிறான். ஊமைப் பணிச்சீடத்தி ஒருத்தி நாழிகைக் கணக்கு வைத்து வந்து அவனைப் புரட்டுகிறாள். புண் எந்த எலும்பின் மேல் முதலில் வரும், எந்த நிறத்தில் வரும், வலிக்காத காய்ச்சல் எதைச் சொல்கிறது என்றெல்லாம் அதில் இருந்தது. எதிர்ப் பீடத்து ஒற்றன் ஒருவன் 'உடைந்தோன் நெறி' என்ற போலிச் சுவடியைக் கொண்டுவந்து அவனிடம் விற்கப் பார்க்கிறான். எழினி அதை வாங்கிப் படித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்கிறான். ஒற்றன் சொல்லவில்லை.

'செம போர்' என்று முதல் கருத்து வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த வாசகர்கள் அறுபது எழுபது பேராகக் குறைந்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் பாலகுமார் மோனிஷா அழைத்த அந்த எண்ணுக்கும் அனுப்பினான். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழும். பதில் வராது. மன்னிப்புக் கேட்டு எழுதிய நீண்ட செய்திக்கும் வரவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் நீலக் கோடும் விழவில்லை, மறுநாளும் இல்லை. அவள் அவனை பிளாக் செய்துவிட்டாள், அந்த எண்ணுக்கு இனி அனுப்ப முடியாது என்று புரிந்துகொண்டான்.

அன்றைக்கு ஆப்பில் புதிதாக ஒரு கேள்வி வந்திருந்தது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண். லாரியில் அடிபட்ட கணவனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து பத்து நாள் ஆகிறது, குதிகால் கறுத்திருக்கிறது, உங்கள் கதையில் வருகிற அந்த ஊமைப்பெண் குதிகாலுக்கு என்ன வைப்பாள் என்று கேட்டிருந்தாள்.

பாலகுமார் அதைச் சத்தமாகப் படித்தான். கனகா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"கறுத்திருச்சுன்னா வீட்டுல வச்சுப் பாக்கக் கூடாது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அதுக்குள்ள குதிகால் எது மேலயும் படக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில தலகாணி வச்சு, குதிகால் அந்தரத்துல நிக்கணும். அந்த இடத்தத் தேய்க்கவே கூடாதுன்னும் சொல்லுங்க."

அவன் தட்டினான்.

"அனுப்பிட்டீங்களா?"

"எழுதிட்டு இருக்கேன்."

"அப்பறம் எழுதலாம்னு வைக்காதீங்க" என்றாள் கனகா. "இப்பவே அனுப்புங்க."